பீமும் செங்கலும் சேர்ற இடத்துல கோழி வலையா, ஃபைபர் மெஷ்ஷா?

வீடு கட்டுற யார்கிட்ட பேசினாலும் பூச்சு வேலைக்கு முன்னாடி இந்தக் கேள்வி வந்துரும். பீமுக்கு அடியில செங்கல் சுவர் முட்டுற இடத்துல வலை போடணும்னு எல்லாருக்கும் தெரியும், எந்த வலைங்கறதுல தான் சண்டை. எங்க வீட்டுல உள்பக்கம் பூரா ஃபைபர் மெஷ், வெளிச்சுவர்ல கோழி வலைன்னு முடிவு பண்ணி வேலையும் முடிஞ்சிருச்சு. அதனால இது நடுநிலையான அலசல் இல்ல, உள்பூச்சுக்கு நான் ஃபைபர் பக்கம் தான். ஏன்னு சொல்றேன்.

முதல்ல விரிசல் ஏன் வருதுன்னு சுருக்கமா. கான்கிரீட் சூட்டுக்கு விரியுற அளவு வேற, செங்கல் விரியுற அளவு வேற, கான்கிரீட் தான் அதிகமா விரியும். 12 அடி பீம், அதாவது 3.6 மீட்டர்னு வச்சுக்குங்க, 20 டிகிரி சூடு ஏறி இறங்கினா ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா வெள்ளை பெயிண்ட்ல 0.3 மில்லிமீட்டர் கோடு தூரத்துல இருந்தே கண்ணுக்குத் தெரியும். இது போக கான்கிரீட் காயக் காய சுருங்குறது, மேல பாரம் ஏறினதும் பீம் லேசா தொய்யுறது எல்லாம் சேரும். வலை இந்த அசைவ நிறுத்தாது. ஒரே கோட்டுல திறக்க வேண்டியத ஒரு அடி அகலத்துக்குப் பரப்பி, கண்ணுக்குத் தெரியாத பொடி விரிசலா பிரிச்சு விடும், அவ்வளவு தான் அதோட வேலை. அதுக்கு அது பூச்சுக்குள்ள இருந்தா தான் முடியும், இந்த ஒரு விஷயத்துக்காகத் தான் நான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வலையே வேணாம், பீமுக்கு அடியில 10 மில்லிமீட்டர் க்ரூவ் விட்டுருங்கன்னு சொல்ற இஞ்சினியர்களும் இருக்காங்க. தப்பில்ல, விரிசல் வரட்டும், ஆனா க்ரூவுக்குள்ள வரட்டும்ங்கற நேர்மையான வழி அது. ஃபால்ஸ் சீலிங் வர்ற ரூம்ல யாருக்கும் தெரியவும் போறதில்ல. வெளிச்சுவர்ல மட்டும் அந்த க்ரூவ சீலன்ட் போட்டு அடைக்காம விட்டா மழைத்தண்ணி நேரா உள்ள வந்துரும், சீலன்ட்ட சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தவும் வேணும். விரிசல் வந்தப்புறம் பட்டி வச்சு அடைச்சுக்கலாம்ங்கற கட்சிக்கு ஒரே பதில் தான், அசையுற இடத்துல வச்ச பட்டி அடுத்த வெயிலுக்கே திரும்பக் கீறிக்கும்.

இப்ப கோழி வலைக்கு வருவோம். ஜிஐ கம்பில அறுகோணக் கண்ணோட வர்றது, 24 கேஜ், அரை இஞ்சோ முக்கால் இஞ்சோ கண்ணு. எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும், எல்லா மேஸ்திரிக்கும் பழக்கம். எங்க மேஸ்திரியும் "சார், 20 வருஷமா இதத்தான் அடிக்கிறோம், ஒண்ணும் ஆகல"ன்னு தான் ஆரம்பிச்சாரு. பொருள்ல பெரிய குறை இல்லன்னு நானும் ஒத்துக்கறேன். குறை அத சுவர்ல மாட்டுற விதத்துல இருக்கு.

ரோல்ல சுத்தி வந்த கம்பி விரிச்சதும் சுருளப் பாக்கும். அத நேராக்கி இழுத்துப் பிடிச்சு ஆணி அடிக்கணும். செங்கல்ல ஆணி இறங்கிரும், பீம்ல கான்கிரீட் ஆணியே பாதி நேரம் தெறிச்சு ஓடும், அதனால ஆளுங்க என்ன பண்றாங்கன்னா செங்கல் பக்கம் நாலு ஆணி, பீம் பக்கம் ஒண்ணோ ரெண்டோ அடிச்சுட்டுப் போயிடுறாங்க. ஆணி அடிச்ச இடத்துல வலை சுவரோட ஒட்டிப் படுத்துக்கும், ரெண்டு ஆணிக்கு நடுவுல வயிறு தள்ளி நிக்கும். படுத்த இடத்துல வலைக்குப் பின்னாடி கலவையே போகாது, அங்க வலை பூச்சோட சேர்ந்து இழுக்காது, சும்மா சுவருக்கும் பூச்சுக்கும் நடுவுல ஒரு தட்டி மாதிரி இருந்து பூச்சோட பிடிப்பயும் கெடுக்கும். வயிறு தள்ளின இடத்துல நேர்மாறு, 12 மில்லிமீட்டர் உள்பூச்சுல கம்பி கிட்டத்தட்ட மேல் பரப்புக்கே வந்துரும், கொத்தனார் அத மூட பூச்ச தடிப்பாக்குவாரு, இல்லன்னா கரண்டிய வச்சு அழுத்துவாரு, அழுத்தினா அது கரண்டிய எடுத்ததும் மெல்ல எழுந்து ஈரப்பூச்ச தூக்கி விட்ரும்.

சரியா மாட்ட வழி இருக்கு. பீம்ல ட்ரில் போட்டு ப்ளக் வச்சு, வாஷரோட ஸ்க்ரூ அடிச்சு, சுவருக்கும் வலைக்கும் நடுவுல 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டணும். அப்படிச் செஞ்சா கோழி வலை அருமையா வேலை செய்யும். ஆனா ஒரு நாளைக்கு இவ்வளவு சதுர அடி பூசணும்னு கணக்கு வச்சு வர்ற ஆளுங்க ஸ்க்ரூவும் வாஷருமா உக்காந்திருப்பாங்களா? நீங்க பக்கத்துலயே நின்னா செய்வாங்க, டீ குடிக்கப் போனா ஆணி தான்.

ஃபைபர் மெஷ்ல இந்தப் பிரச்சனையே வேற மாதிரி தீருது, ஏன்னா அத சுவர்ல மாட்டவே வேணாம். முதல் கை கலவைய 6 மில்லிமீட்டர் போல இழுத்துட்டு, அது ஈரமா இருக்கும்போதே மெஷ்ஷ வச்சு கரண்டியால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தடவினா உள்ள இறங்கிக்கும், கலவை கண்ணு வழியா வெளிய பிதுங்கும், அதப் பாத்தே பிடிச்சிருச்சான்னு சொல்லிரலாம். மேல ரெண்டாவது கை. வலை தானாவே பூச்சுக்கு நடுவுல உக்காந்துருது, ஆணியும் இல்ல, வயிறும் இல்ல. ஆள் சோம்பேறித்தனம் பண்ணினாலும் தப்பா வைக்கிறது கஷ்டம், அதுதான் எனக்குப் பிடிச்சது. ஒரு தப்பு மட்டும் பண்ணுவாங்க, காய்ஞ்ச சுவர்லயே மெஷ்ஷ வச்சு மேல கலவைய வீசுவாங்க. அதுக்கு விடாதீங்க, அப்படிப் பண்ணினா கோழி வலையோட அதே வியாதி தான்.

எந்த மெஷ்ங்கறதுல கவனம் வேணும். சாதா கண்ணாடி நாரு சிமெண்ட்டோட காரத்துல மெல்ல அரிச்சுப் போயிரும், அதனால காரம் தாங்குற கோட்டிங் போட்டது தான் வாங்கணும், எடை 145 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. கடையில பட்டி விரிசலுக்கு ஒட்டுற மெல்லிசு வலையையும் இதே பேர்ல எடுத்துக் காட்டுவாங்க, அது அதுல பாதி எடை கூட இருக்காது. சந்தேகம் இருந்தா ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி மளிகைக் கடை தராசுல போடுங்க, 145 கிராமாவது காட்டணும். கண்ணு அளவும் பாருங்க, எம் சாண்ட் கலவைக்கு 5 மில்லிமீட்டர் கண்ணு கொஞ்சம் நெருக்கம், சல்லடை மாதிரி மணல வெளியவே நிறுத்திரும், 10 மில்லிமீட்டர் கண்ணு கிடைச்சா அதயே எடுங்க.

எங்க ஒரு பெட்ரூம் கணக்கச் சொல்றேன். 12க்கு 10 அடி, பீமுக்கு அடியில சுத்தி வந்தா 44 அடி. நாலு மூலையிலயும் கான்கிரீட் தூணும் செங்கலும் சேர்ற நெடுக்குக் கோடு, ஒவ்வொண்ணும் 10 அடிக்குக் கொஞ்சம் குறைய, அது ஒரு 40. ஆக 84 அடி நீளம். பீம் பக்கம் 6 இஞ்ச், செங்கல் பக்கம் 6 இஞ்ச்னு ஒரு அடி அகலப் பட்டை, அதனால 84 சதுர அடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துக்கு 4 இஞ்ச் கூட்டிக்கிட்டா 90 கிட்ட போதும். ஒரு மீட்டர் அகல ரோல மூணா நறுக்கினா ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடவே வரும், வீண் இல்ல. ரெண்டு வலைக்கும் பொருள் விலையில பெரிய வித்தியாசம் இல்ல, ஊருக்கு ஊர் மாறுது, ஆனா கோழி வலைய ஒழுங்கா ஸ்க்ரூ போட்டு மாட்டுற கூலியச் சேர்த்தா ஃபைபர் தான் மலிவு.

எந்த வலையா இருந்தாலும் அடியில இருக்குற வேலை ஒண்ணு தான். சுவரோட கடைசி வரிய உடனே அடைக்காம ஒண்ணு ரெண்டு வாரம் விட்டு, அப்புறம் பீமுக்கு அடியில இருக்குற சந்த 1:3 கலவையில இறுக்கி அடைக்கணும், வெறும் சந்துக்கு மேல வலை போட்டு மூடினா ஒண்ணும் நிக்காது. பீம்ல சென்ட்ரிங் ஆயில் வழுவழுன்னு இருக்கும், அத நல்லா கொத்தி விட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, சிமெண்ட் பால் அடிச்சு, அந்தப் பால் காயுறதுக்குள்ள முதல் கைய இழுத்துரணும். செங்கல நனைக்கணும், ஆனா சொட்டச் சொட்ட இல்ல. பூசினதுக்கப்புறம் 7 நாளாவது தண்ணி காட்டணும், பீமுக்கு அடிப்பக்கம் தான் ஹோஸ் எட்டாம எப்பவும் விட்டுப் போற இடம்.

அப்ப வெளிச்சுவர்ல ஏன் கோழி வலை போட்டேன்னு கேப்பீங்க. அங்க பூச்சு ரெண்டு கையா 20 மில்லிமீட்டர், பீம் உள்ள தள்ளி இருந்த ரெண்டு இடத்துல 30க்கு மேல போச்சு. அவ்வளவு தடிப்புக்கு கம்பி வலை தான் கலவையத் தாங்கிப் பிடிக்கும், நடுவுல உக்காரவும் இடம் இருக்கு. அங்க துரு ஒண்ணு தான் பயம். வெட்டின முனையில துத்தநாகப் பூச்சு கிடையாது, மேல மூடியிருக்கிற பூச்சு மெல்லிசா இருந்தா ஈரம் போய் பழுப்புக் கோடா பெயிண்ட்ல தெரியும். போர் தண்ணி உப்பா இருக்குற ஊர்லயும் கடலோரத்துலயும் நான் வெளியிலயும் ஃபைபர் தான் யோசிப்பேன். பாத்ரூம் சுவருக்கும் அதே. ஃபைபர் துரு பிடிக்காது, ஆனா 20, 25 வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு என் வீட்ட வச்சு சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் அனுபவம் ஆகல, இந்த இடத்துல மேஸ்திரியோட கோழி வலைக்கு ஒரு மார்க் கொடுத்தே ஆகணும். ஏஏசி பிளாக் சுவர் நான் கட்டினதில்ல, அது காயும்போது செங்கல விட அதிகமா சுருங்கும், அதனால அங்க வலை இன்னும் அவசியம்ங்கறது மட்டும் நிச்சயம்.

மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற ரூம்ல எந்த வலையயும் முழுசா நம்பாதீங்க. சித்திரை வெயில்ல மேல் தளம் கொதிக்கும், சுவர் அந்தளவு சூடாகாது, அந்த இழுப்புக்கு ஒரு அடி பட்டை பத்தாது. மேல தட்டோடு பதிக்கிறதோ வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்கிறதோ தான் அங்க விரிசலக் குறைக்கும், வலை கூட ஒத்தாசைக்கு.

பூச்சு காய்ஞ்சதும் பட்டி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சுத்தியலோட பீமோரமா தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு இருந்தா சரி, டொப்புனு சத்தம் வந்தா பின்னாடி பிடிக்கலன்னு அர்த்தம். விரிசல் எங்க வருதுன்னும் பாருங்க, சந்துக்கு நேரா வராம அதுக்கு 6 இஞ்ச் கீழ வலை முடியுற இடத்துல ஒரே கோடா வந்தா வலைப் பட்டையே மொத்தமா சுவர விட்டுக் கழண்டுருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். அந்த இடத்த அப்பவே உடைச்சுப் பூசச் சொல்லுங்க, பெயிண்ட் அடிச்சதுக்கப்புறம் சொன்னா அந்தக் கூலியும் உங்க கணக்குல தான் ஏறும்.