கையெழுத்து மாறிய காசோலை: அந்த 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள்

ராயப்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கடந்த ஆண்டு தொடக்கத்தில் அசோக் நகரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு விழா ஏற்பாட்டாளருக்கு அழைப்பிதழ்களும் துணிப்பைகளும் அச்சடித்துக் கொடுத்தேன். 86,400 ரூபாய்க்கு 2025 மார்ச் 3 தேதியிட்ட காசோலை ஒன்றைத் தந்தார். அவருடைய வங்கிக் கணக்கு கோயம்புத்தூரில். அந்தப் பணம் கைக்கு வர மே மாதக் கடைசி ஆனது. வந்ததும் அதிர்ஷ்டத்தால்தான். காசோலை ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தரும் ரிட்டர்ன் மெமோவை ஒழுங்காகப் படிக்காமல் நான் செய்த தவற்றை வேறு எவரும் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மார்ச் 10 அன்று என் கிளையில் காசோலையைப் போட்டேன். மறுநாள் அது திரும்பிவிட்டது. என் கணக்கிலிருந்து 118 ரூபாய் போனதுதான் எனக்குத் தெரிந்த முதல் செய்தி: 100 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. காசோலையும் மெமோவும் என் கைக்கு வந்ததோ மார்ச் 24 அன்று. இரண்டு வாரம் கிளையின் இழுப்பறையில் கிடந்திருக்கிறது. திரும்பிய காசோலையை 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது அந்தக் கிளையில் எவருக்கும் நினைவில்லை.

மெமோவில் இருந்த காரணம் ‘இமேஜ் நாட் கிளியர்’. இப்போது காசோலைத் தாள் ஊர் ஊராகப் போவதில்லை. போட்ட வங்கியிலேயே தாள் தங்கிவிட, அதன் படம்தான் எதிர் வங்கிக்குப் போகிறது. படம் தெளிவாக இல்லையென்றால் அது ஸ்கேன் செய்தவரின் பிழை. இத்தகைய காரணங்களுக்கு வங்கியே 24 மணி நேரத்துக்குள், நம்மைக் கேட்காமலேயே, அடுத்த கிளியரிங்கில் மறுபடி அனுப்ப வேண்டும். கட்டணமும் எடுக்கக்கூடாது. வாடிக்கையாளர் மேல் தவறு இருந்தால் மட்டுமே திரும்பிய கட்டணம் வசூலிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவறில்லாத காரணங்களின் பட்டியலையும் அதுவே கொடுத்திருக்கிறது. இதை எழுதிக் கொடுத்த பிறகுதான் 118 ரூபாய் திரும்பி வந்தது. வாய்வார்த்தையாகக் கேட்டபோது, “எல்லோருக்கும் பிடிப்பதுதான் சார்” என்றார்கள். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மார்ச் 25 அன்று மறுபடி போட்டேன். 26 அன்று திரும்பியது. இம்முறை காரண எண் 12: ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’. கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். கவுண்டரில் இருந்தவர், “பணம் இல்லாமல் திரும்பவில்லை சார், கையெழுத்துக் கோளாறுதான். வேறு காசோலை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். நானும் அதை நம்பி, இது வழக்குக்கு உரிய விஷயமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏற்பாட்டாளர் மிகவும் பணிவாகப் பேசினார். “மன்னித்துவிடுங்கள் சார், அவசரத்தில் போட்ட கையெழுத்து. புதிய மாதிரிக் கையெழுத்தை வங்கியில் கொடுத்துவிடுகிறேன், பிறகு அதையே போடுங்கள்” என்றார். ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்தது. ஏப்ரல் கடைசிவரை அப்படியே ஓடிவிட்டது. ஆர்டர் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்தையும் காசோலையில் இருந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டும் இரண்டு மனிதர்கள் போட்டவை போல இருந்தன.

பாரிமுனையில் ஒரு வழக்கறிஞரம்மாவைப் பார்த்தேன். மெமோவை வாங்கிப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நோட்டீஸ் அனுப்பினீர்களா?” காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணத்தைக் கேட்க வேண்டும். மார்ச் 26 தகவலுக்கு ஏப்ரல் 25 கடைசி நாள். அது போய்விட்டது. எனக்குக் கை நடுங்கியது.

“கையெழுத்துப் பிரச்சினைக்கு அந்தப் பிரிவு வராது என்றார்களே அம்மா?” என்று கேட்டேன். அது தவறு என்றார். பணம் போதவில்லை என்ற காரணத்தை மட்டும் இப்பிரிவு குறிக்கவில்லை. கையெழுத்து மாறித் திரும்பினாலும் இது பொருந்தும் என்று 2012 நவம்பரில் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்து உண்மையிலேயே தற்செயலாக மாறியிருந்தால், நோட்டீஸ் வந்ததும் நேர்மையானவர் பணத்தைக் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் இருப்பதுதான் அவரைச் சிக்க வைக்கிறது.

என்னைக் காப்பாற்றியது காசோலையின் தேதி. மூன்று மாதம் செல்லுபடி என்பதால் ஜூன் தொடக்கம் வரை நேரம் இருந்தது. முதல் முறை திரும்பியபோது நோட்டீஸ் விடாமல் இருந்தாலும், செல்லுபடியாகும் காலத்துக்குள் மறுபடி போட்டு, அது திரும்பினால் அந்த நாளிலிருந்து புதிய 30 நாள் கிடைக்கும். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில், அதே 2012-இல், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் செல்லுபடிக் காலம் கடந்த காசோலைக்கு இந்த வழி கிடையாது.

மே 5 அன்று போட்டேன். 6 அன்று அதே காரணத்தோடு திரும்பியது. மெமோவை வாங்கும்போது இம்முறை கவுண்டரிலேயே நின்று காசோலை எண், தொகை, தேதி, காரணம் நான்கையும் ஒப்பிட்டேன். வெறும் கணினி அச்சாகத் தந்ததை மறுத்து, வங்கி முத்திரையும் கையொப்பமும் வாங்கினேன். முத்திரை உள்ள மெமோதான் காசோலை திரும்பியதற்கு நீதிமன்றத்தில் முதற்கட்டச் சான்று. இரண்டாம், மூன்றாம் முறைக் கட்டணங்களை, தலா 118 ரூபாய், வங்கி திருப்பித் தரவில்லை. கையெழுத்து மாறுதல், தவறில்லாத காரணங்களின் பட்டியலில் இல்லை என்றார்கள்.

மே 13 அன்று பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு நோட்டீஸ் போனது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேட்கும் தொகை காசோலையின் 86,400 ரூபாயாகவே நிற்க வேண்டும். வங்கிக் கட்டணம் 236 ரூபாயைத் தனி வரியில் எழுதினார் வழக்கறிஞரம்மா. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிக் கேட்டால் நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். தபால் அவருக்கு 15 அன்று கிடைத்தது. அதிலிருந்து 15 நாள், அதாவது மே 30 வரை அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நான் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, என் கணக்கு உள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்குப் போடலாம்.

மே 27 அன்று அவரே தொலைபேசியில் அழைத்து, அசல் காசோலையை முதலில் கொடுத்துவிடுங்கள், மறுநாள் பணம் போடுகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். 28 மாலை 86,400 ரூபாய் என் கணக்கில் ஏறியது. அதன் பிறகு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அவரிடம் ரசீது எழுதி வாங்கியே காசோலையைக் கொடுத்தேன். 236 ரூபாயை அவர் இன்றுவரை தரவில்லை.