நூறு நாள் பதிவு: எண்ணிக்கையா, கதையா, விதியா?

நூறு நாள் தொடர்ந்து படித்தவர்களும் நடந்தவர்களும் போடும் பதிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. மேலே "100/100" என்று ஒரு படம், கீழே "விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன்" என்று ஒரு வரி. அடியில் "வாழ்த்துகள் அண்ணாச்சி" என்று நாற்பது பேர். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட மறுநாள் தொடங்க முடியாது, ஏனென்றால் எப்படிச் செய்தார் என்பது பதிவில் இல்லை.

இதைத் திருத்தி எழுத மூன்று வழிகள் இருக்கின்றன. எண்ணிக்கையை அப்படியே வைத்து இன்னும் சில எண்களைச் சேர்ப்பது ஒன்று. நூறு நாளையும் கதையாகச் சொல்வது இன்னொன்று. கடைப்பிடித்த விதிகளை எழுதி, அவை எங்கே உடைந்தன என்று காட்டுவது மூன்றாவது. நான் மூன்றாவதின் பக்கம்தான்.

எண்ணிக்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பக்கம், மணி, கிலோமீட்டர் என்று எத்தனை எண்ணைச் சேர்த்தாலும் அவை விளைவுகள்தான். 2,000 பக்கம் என்றால் நாளுக்கு 20 என்று வகுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த 20 பக்கத்தை எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, எதை விட்டுவிட்டுப் படித்தார் என்பதை வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கதை அதைவிட மேல். முதல் வாரத் தடுமாற்றம், ஐம்பதாவது நாள் சலிப்பு, கடைசி நாள் மகிழ்ச்சி என்று போகும்போது வாசகர் கடைசி வரை வருவார். ஏன் தொடங்கினார் என்பது அசாதாரணமாக இருந்தால், உதாரணமாக ஒரு நோய்க்குப் பிறகு மருத்துவர் சொல்லி நடக்கத் தொடங்கியவர் என்றால், கதையே பொருத்தம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கதை நாள் வரிசையில் நகரும். விதி அந்த வரிசையில் கிடைக்காது. நூறு நாளில் சொல்லும்படியான நிகழ்ச்சி நான்கைந்துதான் இருக்கும். மற்ற தொண்ணூற்றைந்து நாளும் ஒரே மாதிரி போயிருக்கும். பழக்கத்தைத் தாங்கி நிறுத்தியது அந்தச் சப்பென்ற நாட்கள்தான், ஆனால் கதை அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

விதிப் பதிவுக்கு நான்கு செய்திகள் போதும்: எது நடந்ததும் தொடங்குவது, எவ்வளவு செய்தால் அது ஒரு நாள் என்று கணக்கு, முடியாத நாளில் குறைந்தது எவ்வளவு, விட்டுப்போனால் மறுநாள் என்ன. முதல் மூன்றையும் பலர் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். நான்காவதில்தான் பதிவின் தரம் தெரியும்.

காரணம் எளிது. படிக்கத் தொடங்குகிற எவருக்கும் ஒரு நாள் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஐப்பசி மழையில் கரண்ட் போகும். அந்த நாளில் "100/100" படம் அவருக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: உன் கணக்கு உடைந்துவிட்டது, இனி ஒன்றிலிருந்து தொடங்கு. இருபத்து மூன்றாவது நாளில் விட்டவர் மறுபடி ஒன்று என்று எழுத மனமில்லாமல் நோட்டை மூடிவிடுகிறார். பதிவு போட்டவருக்கும் இதே நெருக்கடிதான். தொண்ணூறாவது நாள் விட்டுப்போனால் அதை ஒளித்துவிடத் தோன்றும். அந்த இடத்தில் எண் பொய்யாகிவிடுகிறது.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது: 18 நாளிலிருந்து, கவனித்த 12 வாரத்தைத் தாண்டிக் கணித்துப் பார்த்ததில் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் ஊறுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக நூறு என்ற எண்ணுக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை. சிலருக்கு அது தேவைக்கு அதிகம், சிலருக்குப் பாதி வழி.

எடுத்துக்காட்டுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வேலைக்குப் போகிற ஒருவரின் வாசிப்புப் பதிவை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. முதல் வடிவம் இப்படி:

"இன்றோடு 100 நாள்! 1,040 பக்கம்! மனம் வைத்தால் எதுவும் முடியும்."

இதைத் திருத்த முதலில் வேண்டியது நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் தேதி, பக்கம், இடம், குறைந்திருந்தால் ஒரு சொல்லில் காரணம் என்று நான்கு கட்டம் இருந்தால் போதும். நோட்டை விரித்து நாட்களை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: முழு நாள், சின்ன நாள், விட்ட நாள். பத்துப் பக்கமும் அதற்கு மேலும் படித்தது முழு நாள், குறைந்தபட்சமான இரண்டு பக்கத்தோடு நின்றது சின்ன நாள் என்று வைத்தால், 71, 23, 6 என்று வருகிறது. முழு நாளில் சராசரி 14 பக்கம், அது 994. சின்ன நாளில் இரண்டிரண்டாக 46. கூட்டினால் 1,040.

அடுத்த வேலை விட்ட ஆறையும் கிழமை வாரியாகப் பார்ப்பது. இங்கேதான் ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. ஆறில் நான்கு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் முதல் ஆறு ஞாயிறுக்குள். மற்ற இரண்டும் காய்ச்சல் நாட்கள். சோம்பல் என்று அவர் நினைத்திருந்தது சோம்பல் இல்லை. திங்கள் முதல் சனி வரை ரயில்தான் புத்தகத்தைத் திறக்க வைத்தது. ஞாயிறு ரயில் இல்லை, திறக்க வைக்க வேறெதுவும் இல்லை. ஞாயிற்றுக்கு வேறொரு தொடக்கம் வைத்த பிறகு அந்தக் கிழமை தவறவே இல்லை. இதைக் கதையாகச் சொல்லியிருந்தால் "சில ஞாயிறுகளில் முடியவில்லை" என்ற அரை வரியாகப் போயிருக்கும்.

சின்ன நாளையும் இதேபோலப் பார்க்கலாம். கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகளில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் அதில் அதிகம் என்றால், தடையாக நின்றது புத்தகத்தின் கனம். ஒரு கையில் பிடிக்கிற மெலிந்த புத்தகம் ஒன்றைத் திங்களுக்கென்று பையில் வைத்தால் போதும்.

திருத்திய பதிவு இப்படி வரும்:

"அம்பையிலிருந்து காலை ரயிலில் வேலைக்குப் போகிறேன். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் புத்தகத்தைத் திறந்தேன், பேட்டை வந்ததும் மூடினேன். பத்துப் பக்கம் முழு நாள். முடியாத நாளில் இரண்டு பக்கம்; அதைச் சின்ன நாள் என்று தனியாகக் குறித்தேன். விட்ட நாளை மறுநாள் ஈடுகட்டவில்லை, மறுநாளும் இரண்டு பக்கம் போதும் என்று வைத்துக்கொண்டேன். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 9 வரை முழு நாள் 71, சின்ன நாள் 23, விட்டது 6. விட்டதில் நான்கு ஞாயிறு, ரயில் இல்லாததால். ஏழாவது ஞாயிற்றிலிருந்து சாயங்காலக் காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு ஞாயிறு தவறவில்லை. மற்ற இரண்டும் காய்ச்சல். மொத்தம் 1,040 பக்கம். ரயிலில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், வீட்டில் கைக்குழந்தை இல்லை."

கடைசி வரியை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. வெட்டக் கூடாது. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவரும், குழந்தையைத் தூங்கவைத்த பிறகுதான் கை ஒழிகிறவரும் இந்த முறையில் எதை மாற்ற வேண்டும் என்று அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஈடுகட்டவில்லை என்ற வரியும் முக்கியம். நேற்று விட்ட பத்தையும் சேர்த்து இன்று இருபது என்று வைத்தால், இருபதும் நடக்காமல் மூன்றாம் நாள் முப்பதாகக் கடன் ஏறும். ஒரு நாள் விடுவது ஒரு வாரமாக மாறுவது பெரும்பாலும் இந்தக் கடனால்தான்.

விதிப் பதிவும் கெட்டுப்போகும் இடம் உண்டு. "திறப்பேன்", "படியுங்கள்" என்று எழுதத் தொடங்கினால் அது நடந்ததை விட்டுவிட்டுத் திட்டத்துக்குத் தாவிவிடும். "திறந்தேன்", "விட்டேன்" என்று இறந்தகாலத்திலேயே நின்றால் நோட்டில் இல்லாதது உள்ளே நுழையாது. விதிகள் நான்கைத் தாண்டினாலும் சந்தேகப்பட வேண்டும். பத்து விதியை ஒருவர் நூறு நாள் கடைப்பிடித்திருக்க மாட்டார், பிறகு யோசித்துச் சேர்த்திருப்பார். நோட்டே இல்லாதவர் மூன்று குவியலையும் ஊகித்து எழுத வேண்டாம். தொடக்கமும் குறைந்தபட்சமும் மட்டும் எழுதி, கணக்கு வைக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

உடற்பயிற்சிக்கு இந்த வடிவம் எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நடைக்குச் சிக்கல் இல்லை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடை போகிறவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. மழை நாளுக்கு வீட்டுப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் என்று சின்ன நாளை வரையறுத்து எழுதலாம். எடை தூக்குகிறவருக்கு அப்படியில்லை. உழைத்த தசைக்கு நடுவில் ஓய்வு வேண்டும் என்பதால், தினமும் செய்ததாகச் சொல்லும் நூறு நாளே நல்ல முறை ஆகாது. அங்கே நாளை விட்டுவிட்டு வாரத்தைக் கணக்காக்கி, "14 வாரம், வாரம் மூன்று முறை என்று வைத்ததில் 11 வாரம் நடந்தது" என்று எழுதினால் விட்ட மூன்று வாரத்தையும் இதேபோல அலசலாம். ஆனால் எத்தனை கிலோவில் தொடங்கி எப்போது ஏற்றினார் என்பதும் அதில் வேண்டும், நான்கு வரிக்குள் அடங்காது.

படம் போட்டே ஆக வேண்டும் என்றால் "100/100" வேண்டாம். நோட்டில் ஆறாவது, ஏழாவது வாரம் இருக்கிற பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம்: மேலே காலியாக ஒரு ஞாயிறு, கீழே அதே கட்டத்தில் "2, திண்ணை" என்று எழுதியது.