டிரிப்லெட் வடிவில் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எந்த ஆவணத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கைப் பல வருஷங்களாக ஒரு மேட்ரிக்ஸாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆவணம் நிரை, சொல் நிரல், எண்ணிக்கை மதிப்பு. 20,000 ஆவணங்களும் 50,000 சொற்களும் இருந்தால் மொத்தம் 100 கோடி கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 400 கோடி பைட் வேண்டும். ஆனால் ஓர் ஆவணத்தில் சராசரியாக 100 வெவ்வேறு சொற்கள்தான் வரும் என்று வைத்துக்கொண்டால், பூஜ்யம் இல்லாத கட்டங்கள் 20 லட்சம் மட்டுமே. ஒவ்வொன்றையும் நிரை, நிரல், மதிப்பு என்று மூன்று முழு எண்கள் சேர்ந்த ஒரு டிரிப்லெட்டாக வைத்தால் 12 பைட், ஆக மொத்தம் 2.4 கோடி பைட்டில் வேலை முடிந்துவிடும். கட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் மட்டுமே இந்த முறை நஷ்டம்.

இடம் மிச்சமாவது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். நெடுநாள் பயன்பாட்டில்தான் தெரியவருவது வேறு ஒன்று: டிரிப்லெட்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் நிரை எண், அது சமமானால் நிரல் எண் என்று ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒரே கட்டம் இரண்டு தடவை வரக் கூடாது. கூட்டல் இந்த ஒழுங்கை நம்பி ஓடுகிறது. நிரைகளை நிரல்களாகவும் நிரல்களை நிரைகளாகவும் மாற்றும் டிரான்ஸ்போஸ் இதைக் கலைத்துவிடக்கூடியது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்பவருக்கு இங்கேதான் சிக்கல்.

கூட்டலைச் சின்ன எடுத்துக்காட்டில் பார்க்கலாம். எண்கள் 0-இல் தொடங்குகின்றன, இரண்டும் 4 நிரை, 5 நிரல் கொண்டவை.

```
A: (0,1,5) (0,4,2) (1,0,3) (2,1,7) (3,3,-4)
B: (0,1,1) (1,2,6) (2,1,-7) (3,0,8)
```

இரண்டு பட்டியல்களின் தலையிலும் ஒரு விரலை வைத்துக்கொள்கிறோம். எந்தக் கட்டம் முந்தியதோ அதை எழுதிவிட்டு அந்த விரலை நகர்த்துகிறோம். ஒரே கட்டம் என்றால் மதிப்புகளைக் கூட்டி இரண்டு விரல்களையும் நகர்த்துகிறோம். முதல் கட்டமே பொது, (0,1,6) என்று எழுதுகிறோம். அப்புறம் (0,4,2), (1,0,3), (1,2,6). அடுத்து (2,1)-இல் 7-உம் -7-உம் சேர்ந்து பூஜ்யம் ஆகிறது, அதை எழுதவே கூடாது. கடைசியில் (3,0,8), (3,3,-4). உள்ளே போனவை 9, வெளியே வந்தவை 6.

அந்தப் பூஜ்யத்தை விடுவது சில்லறை விஷயம் இல்லை. ஓர் ஆவணத்தை நீக்க, அதன் எண்ணிக்கைகளை மைனஸில் போட்டுக் கூட்டுவது என் வழக்கம். பூஜ்யங்களையும் எழுதிவைத்தால் நீக்க நீக்கப் பட்டியல் குறையவே குறையாது. விடை சரியாகவே இருக்கும், நினைவகம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மதிப்புகள் தசம எண்களாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 0.1 + 0.2 - 0.3 என்பது கணினியில் சுத்தமான பூஜ்யம் ஆகாது, 17-ஆவது தசம இடத்தில் ஒரு துகள் மிஞ்சும். அதனால்தான் எண்ணிக்கைகளை முழு எண்ணாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, ஒப்பிடுவதற்காக நிரையையும் நிரலையும் `r*cols + c` என்று ஒரே எண்ணாக்குவது. 50,000 நிரல்கள் இருக்கும்போது ஆவணங்கள் 43,000-ஐத் தாண்டினால் 32 பிட் எண்ணில் இது வழிந்துவிடும். நிரையை முதலில், நிரலை அடுத்து ஒப்பிடுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, டிரான்ஸ்போஸ். ஒரு சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்று பார்க்க இது வேண்டும். ஒவ்வொரு டிரிப்லெட்டிலும் முதல் இரண்டு எண்களை இடம் மாற்றினால் போதும் என்று தோன்றும். A-வை அப்படி மாற்றினால் கிடைப்பது இது:

```
(1,0,5) (4,0,2) (0,1,3) (1,2,7) (3,3,-4)
```

மதிப்புகள் எல்லாம் சரி, ஒழுங்கு மட்டும் போய்விட்டது. இதோடு (0,1,1) (1,0,2) என்ற மேட்ரிக்ஸைக் கூட்டிப் பாருங்கள். முதலில் (0,1,1) எழுதப்படும், பிறகு (1,0,7). இரண்டாவது பட்டியல் தீர்ந்துவிட்டதால் மிச்சம் எல்லாம் அப்படியே நகலாகும், அதில் (0,1,3) மறுபடி வரும். ஆக (0,1) கட்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தேடும்போது 4 வர வேண்டிய இடத்தில் 1 கிடைக்கலாம், 3 கிடைக்கலாம், எதுவுமே கிடைக்காமலும் போகலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகை 16 என்று சரியாகவே வருவதால் அந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. பிடிப்பதற்கு நம்பகமான வழி, ஒவ்வொரு டிரிப்லெட்டும் தனக்கு முந்தியதைவிடக் கண்டிப்பாகப் பெரியதா என்று ஒரு சுற்று பார்ப்பது. சமமாக இருந்தாலும் தவறு. ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் இந்தச் சோதனையை ஓடவிடுகிறேன், அதன் செலவு மிகக் குறைவு.

ஒழுங்கு கலையாமல் டிரான்ஸ்போஸ் செய்ய, நிரல் 0-இல் உள்ளவற்றை எல்லாம் தேடு, பிறகு 1, பிறகு 2 என்று போகலாம். ஆனால் மேலே சொன்ன அளவுக்கு அது 50,000 தடவை 20 லட்சம், அதாவது 10,000 கோடி ஒப்பீடுகள். அதற்குப் பதில் எண்ணிவைத்து இடம் ஒதுக்கும் முறை:

```c
/* start[]: cols + 1 */
for (j = 0; j <= cols; j++) start[j] = 0;
for (i = 0; i < n; i++) start[a[i].c + 1]++;
for (j = 0; j < cols; j++) start[j+1] += start[j];
for (i = 0; i < n; i++) {
    p = start[a[i].c]++;
    b[p].r = a[i].c;
    b[p].c = a[i].r;
    b[p].v = a[i].v;
}
```

A-வில் நிரல் வாரியாக எண்ணிக்கை 1, 2, 0, 1, 1. ஆகவே அவை தொடங்கும் இடங்கள் 0, 1, 3, 3, 4. இப்போது A-வை மேலிருந்து படித்தால் (0,1,5) இடம் 1-க்குப் போகிறது, நிரல் 1-இன் அடுத்த இடம் 2 ஆகிறது. (0,4,2) இடம் 4-க்கு, (1,0,3) இடம் 0-க்கு, (2,1,7) இடம் 2-க்கு, (3,3,-4) இடம் 3-க்கு. முடிவு:

```
(0,1,3) (1,0,5) (1,2,7) (3,3,-4) (4,0,2)
```

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரே நிரலில் இருந்த 5-உம் 7-உம் தானாகவே சரியான வரிசையில் அமர்வது. A ஏற்கெனவே நிரை வரிசையில் இருந்ததால், மேலிருந்து படிக்கும்போது சின்ன நிரை எண் முதலில் வந்து முதல் இடத்தைப் பிடிக்கிறது. உள்ளே வந்தது ஒழுங்காக இருந்தால்தான் வெளியே போவதும் ஒழுங்காக இருக்கும். 20 லட்சம் டிரிப்லெட்டுகளை இரண்டு தடவை படிப்பதோடு வேலை முடிகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நிரல்கள் ஒரு கோடி, டிரிப்லெட்டுகள் ஆயிரம்தான் என்றால் `start` பட்டியலே தரவைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். அப்போது எண்களை இடம் மாற்றிவிட்டுச் சாதாரணமாக வரிசைப்படுத்துவது மேல்.

பைதானில் வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். SciPy-இல் டிரிப்லெட் வடிவமான `coo_matrix` ஒரே கட்டம் பல தடவை வருவதை அனுமதிக்கிறது, CSR வடிவுக்கு மாற்றும்போதுதான் அவற்றைக் கூட்டுகிறது. அதனால் அங்கே டிரான்ஸ்போஸ் வெறும் இடமாற்றமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதன் `row`, `col`, `data` பட்டியல்களை எடுத்து நீங்களே எழுதிய கூட்டலுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் `sum_duplicates()` ஓடவிடுங்கள். அப்புறம் வரிசையையும் சோதித்துப் பாருங்கள். நிரையை முதலாக வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.