கழிப்பறைக்கு எது: உப்பமிலமா, பிளீச்சா, சிட்ரிக் அமிலத் தூளா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு பழையது. இரும்புக் குழாய்களும் பழையவை. அதனால் கழிப்பறைக் குழியில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பழுப்பு வளையம் இருக்கும். சென்ற ஆண்டு அம்மா அதன்மேல் ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தை ஊற்றினார். கறை முழுதும் போகவில்லை என்று, தண்ணீர்கூட இழுத்துவிடாமல், அதன் மேலேயே துணிக்குப் போடும் பிளீச்சையும் ஊற்றிவிட்டார். ஒரு நிமிடத்தில் தொண்டை எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். இருமல் அன்று மாலைவரை நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் போத்தல்களைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

போத்தலின் நிறமும் வாசனையும் எதையும் சொல்லாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். கழிப்பறைத் திரவத்தில் 'அசிட் ஹிட்ரோக்ளோரிக்' என்று இருந்தால் அது உப்பமிலம். 'நாட்ரியம் ஹிப்போக்ளோரிட்' என்றால் பிளீச். இந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மாவின் தொண்டையை எரித்தது அதுதான். உப்பமிலம் மட்டும் இல்லை, வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான்; பிளீச்சோடு சேரக்கூடாது. அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயு வரும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உள்ளே நின்று கழுவிவிடப் பார்க்காதீர்கள். உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சு வாங்கினால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

சரி, எதை வாங்குவது? எனக்கு முடிவைச் சொன்னது கறைதான். எங்கள் வளையம் இரும்புத் துரு. பிளீச் துருவைக் கரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் அது துருவாக மாற்றி ஒட்டவைக்கும். அதாவது வாரம் தவறாமல் பிளீச் ஊற்றிய நாங்களே கறையை வளர்த்திருக்கிறோம். துருவுக்கு அமிலம் வேண்டும். உப்பமிலம் சில நிமிடத்தில் வேலையை முடித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் குளியலறைத் தரை சிமெண்ட். உப்பமிலம் சொட்டிய இடமெல்லாம் சுரசுரப்பாகி, ஓடுகளுக்கு இடையிலுள்ள பூச்சும் அரித்துப்போயிருந்தது. அரித்த பள்ளத்தில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். பிறகு அங்கேயும் தேய்க்க வேண்டும்.

அதனால் நான் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளுக்கு மாறினேன். முதலில் பிரஷ்ஷால் குழித் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைக்க வேண்டும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் தூள் கரைத்து, டிஷ்யூவை அதில் நனைத்து வளையத்தின்மேல் ஒட்டவைத்து, ஒரு மணி நேரம் விடுகிறேன். கையுறை கட்டாயம். அப்புறம் தேய்த்துத் தண்ணீர் விட்டால் போதும். முதல் வாரம் பாதிதான் போனது. மூன்றாம் முறையில் வெள்ளை தெரிந்தது. இதுவும் சிமெண்டை அரிக்கும், ஆனால் மெதுவாக. சொட்டினால் உடனே கழுவிவிட்டால் போதும்.

கறுத்த பூஞ்சைக்கும், வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தாலும் பிளீச்தான் சரி. 5 சதவிகித பிளீச்சில் 20 மில்லியை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவிகிதம் ஆகும். முதலில் சோப்பால் அழுக்கை எடுத்துவிட்டு, இதைத் தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், வீரியம் சீக்கிரம் போய்விடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுகிறேன்.

தரைக்கு பென்சால்கோனியம் குளோரைட் உள்ள சாதாரண திரவம் போதும். மூடியில் அளந்து, போத்தலில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாதீர்கள், தரை பிசுபிசுக்கும். அதே வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பையும் சேர்த்தால் கிருமி கொல்லும் வேலை படுத்துவிடும். அடுப்பு எண்ணெய்க்கு அந்தப் பாத்திர சோப்பும் சுடுதண்ணீருமே போதும். காஸ்டிக் சோடாவை நான் ஒரே ஒரு முறை அடைத்த குழாய்க்குத்தான் போட்டேன், அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அலுமினியச் சட்டியில் அது படக்கூடாது, அமிலம் ஊற்றிய குழாயில் போடவும் கூடாது.

இப்போது வீட்டில் உப்பமிலம் இல்லை. சிட்ரிக் தூள் குளியலறையில், பிளீச் பின்பக்கத் துணி துவைக்கும் இடத்தில். சிட்ரிக் ஊற்றிய நாளில் பிளீச்சைத் தொடுவதில்லை என்று அம்மாவும் நானும் முடிவு செய்துவிட்டோம்.