நகைய பில் விலைக்கு போடுறதா, விக்கிற விலைக்கா?

உவர்மலையில அக்கா வீட்டு சொத்துக் கணக்கு பாக்கேக்க பாங்க் மீதியும் காணியும் லேசா முடிஞ்சுது, 8 பவுண் தாலிக்கொடியிலதான் இழுபறி.

பில் விலை, அதாவது இண்டைக்கு புதுசா வாங்கினா வாற விலை: பவுண் 2 லட்சம் எண்டு வைச்சா 16, செய்கூலி 1.5, மொத்தம் 17.5 லட்சம். கணக்கு லேசு, ஆனா செய்கூலிய எவன் திருப்பித் தரப்போறான்?

விக்கிற விலை: கடையில கல்லு, அரக்கு எண்டு அரைப் பவுண் கழிப்பாங்கள், மிச்சம் 7.5 பவுண், 1.9 படி 14.25 லட்சம். நிறுத்துப் பாக்கோணும், அதுதான் கரைச்சல்.

கொடி அடைவில வேற கிடக்கு. அதுக்காக நகைய விட்டுடாதீங்க, 14.25ஐ சொத்தில போட்டு, முதல் 5 லட்சத்தையும் ஏறின வட்டி 40,000ஐயும் கடன்ல போடுங்க, மிச்சம் 8.85 லட்சம்.

இன்சூரன்சுக்கு பில் விலை, சொத்துக் கணக்குக்கு விக்கிற விலைதான்.