கபடி லைவ் சாட்: ஸ்லோ மோடா, வார்த்தை லிஸ்டா, மாடரேட்டர் பசங்களா?

எங்க ஏரியா கபடி டோர்னமெண்ட்ட யூடியூப்ல லைவ் போடுறது நான்தான். கேமரா, நெட்டு, ஜெனரேட்டர் எல்லாம் பழகிருச்சு, ஆனா செமி ஃபைனல்ல பக்கத்து பக்கத்து ஊர் ரெண்டும் மோதுச்சுன்னா சாட்டுல நடக்குறது தனி மேட்ச். மூணு வழியையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்துட்டேன், அதான் எழுதுறேன்.

முதல்ல ஸ்லோ மோட். ஒருத்தர் ஒரு மெசேஜ் போட்டா அடுத்தது போட இத்தனை செகண்ட் காத்திருக்கணும், அவ்வளவுதான். ஒரே ஆள் “எங்க ஊரு கெத்து”ன்னு முப்பது தடவை ஒட்டுறான் பாருங்க, அவனுக்கு இது நல்ல மருந்து. ஆனா இது ஆளுக்கு ஆள் எண்ணுறது, மொத்த சாட்டையும் எண்ணாது. 150 பேர் எழுதுறாங்க, 30 செகண்ட் வச்சிருக்கீங்கன்னா கணக்குக்கு நிமிஷத்துக்கு 300 மெசேஜ் வரை வரலாம், அத எவன் படிக்கிறது? இன்னொண்ணு, கெட்டவனுக்கும் நல்லவனுக்கும் இதுக்கு வித்தியாசமே தெரியாது. திட்ட வர்றவன் அந்த அரை நிமிஷத்துல நல்லா யோசிச்சு இன்னும் நறுக்குன்னு ஒண்ண எழுதிட்டு வருவான். நான் ஒரு தடவை பயந்துபோய் 60 வச்சேன். கபடில ஒரு ரெய்டே 30 செகண்ட்தான், சூப்பர் டேக்கிள் விழுந்து கத்தலாம்னு வர்றவனுக்கு டைமர் ஓடிட்டு இருக்கு, அவன் மெசேஜ் போடும்போது அடுத்த ரெய்டே முடிஞ்சிருச்சு. சாட் செத்துப்போச்சு. இப்போ 10தான் வைக்கிறேன், ரொம்ப சூடானா மட்டும் 30.

வார்த்தை லிஸ்ட் கேக்க சுலபம், ஸ்டுடியோல செட்டிங்ஸ் உள்ள போயி வார்த்தைய போட்டுட்டா அது உள்ள மெசேஜ் சாட்டுக்கே வராது. தமிழ்ல இது படுற பாடு இருக்கே. “நாயி”ன்னு போட்டேன், “நாயிங்களா”ன்னு வந்துச்சு, அத போட்டேன், naayi வந்துச்சு, அப்புறம் nayinga, அப்புறம் நடுவுல புள்ளி வச்சு ஒருத்தன். ஒரு வசவுக்கே பத்து உருவம், நம்ம பசங்க அதுல கற்பனை வளம் உள்ளவங்க. இதவிட மோசம், நல்ல மெசேஜ் காணாம போறது. ஒருத்தன் “வெளிய வா, தூக்குறோம்”னு மிரட்டுனான்னு அவசரத்துல தூக்கு, தூக்குறோம், தூக்குடான்னு எல்லாத்தையும் லிஸ்ட்டுல தட்டிட்டேன். அடுத்த பத்து நிமிஷம் சாட் ஒரே அமைதி, ஆஹா வேலை செய்யுதேன்னு பாத்தா, ரெய்டர புடிச்சா எல்லாரும் கத்துறதே “தூக்குடா”தான்! ஃபோன் பண்ணி ஒரு அண்ணன் “தம்பி, நான் என்னப்பா தப்பா போட்டேன்”னு கேட்டப்பதான் உறைச்சுது. லிஸ்ட் தடுத்தது யாரு கண்ணுக்கும் தெரியாதுங்கறதால தப்பா தடுக்குறதும் தெரியாது. சாட் திடீர்னு அடங்குனா சந்தோஷப்படாம லிஸ்ட்ட போய் பாருங்க.

ஆனா பெட்டிங் ஆப் விளம்பரம், டெலிகிராம் வான்னு ஒட்டுறவன், இவனுங்களுக்கு லிஸ்ட்தான் ராஜா. ஒரே வரிய அச்சு மாறாம ஒட்டுவானுங்க, அதனால நல்லா மாட்டுவானுங்க. லிங்க் வந்தா தடுக்குற ஆப்ஷனும் அங்கயே இருக்கு, அத ஆன் பண்ணிருங்க.

மிச்சம் இருக்குறது ஆளுங்க. ஜாதிய நேரா சொல்லாம தெரு பேர சொல்லி குத்துவானுங்க, அத எந்த லிஸ்ட்டும் புடிக்காது, ஊர்க்காரனுக்குத்தான் புரியும். இதுக்காகவே என் ஓட்டு மாடரேட்டர்களுக்குத்தான். ஆனா யாரப் போடுறீங்கன்றதுலதான் எல்லாமே. முதல் தடவை ஒரு டீம் கேப்டனோட தம்பியப் போட்டேன், அவன் எதிர் டீம் ஆளுங்க “போனஸ் குடுக்கல ரெஃப்ரி”ன்னு நியாயமா கேட்டதையும் அழிச்சான், பத்தாததுக்கு பேர் பக்கத்துல மாடரேட்டர்னு காட்டுற அந்த ரெஞ்சு குறியோட அவனே நக்கல் அடிச்சான், மாடரேட்டருக்கு ஸ்லோ மோடும் கிடையாதா, வரிசையா அடிச்சு தள்ளுனான். அதுல சாட் பத்திகிச்சு.

இப்போ ரெண்டு ஊருக்கும் ஒவ்வொருத்தர், சம்பந்தமில்லாத ஊர் அக்கா ஒருத்தர், மொத்தம் மூணு. யாரும் சாட்டுல பேசக்கூடாது. சொந்த ஊர்க்காரன் தப்பு பண்ணா அந்த ஊர் மாடரேட்டர்தான் டைம்அவுட் குடுத்து கொஞ்ச நேரம் எழுத விடாம நிறுத்தணும், அப்பதான் “வேணும்னே பண்றாங்க”ன்ற பேச்சு வராது. மொதல்ல டைம்அவுட், திரும்ப வந்தா மட்டும் ஹைடு. ஹைடு பண்ணா அவனுக்கு தகவல் போகாது, அவன் பாட்டுக்கு எழுதிட்டே இருப்பான், யாருக்கும் தெரியாது. புது ஐடில வர்றவனும் உண்டு, எழுத்து நடைய வச்சே அக்கா புடிச்சிருவாங்க. மூணு பேருக்கும் தனி வாட்ஸ்அப் குரூப், சந்தேகமானத அங்க ஸ்கிரீன்ஷாட் போட்டு கேட்டுப்பாங்க. நடு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணுமே, அதான் இதுல கஷ்டம், டீ காசாவது குடுங்க.

டோர்னமெண்ட் முடிஞ்சதும் மறக்காம மாடரேட்டர் லிஸ்ட்ட திறந்து பேர எடுத்துருங்க. லைவ் முடிஞ்சா தானா போயிராது, அந்த கேப்டன் தம்பி மூணு மாசம் கழிச்சு நான் போட்ட கோயில் திருவிழா லைவ்லயும் ரெஞ்சோட உக்காந்திருந்தான்.