மூடி போட்ட பெட்டியா, திறந்த கூடைகளா?

சின்ன ஹாலில் பொம்மைகளுக்கு ஒரே பெரிய பெட்டியா, தாழ்வான அலமாரியில் திறந்த கூடைகளா? பிள்ளையே எடுத்து, பிள்ளையே வைக்க வேண்டும் என்பதுதான் இங்கே கணக்கு.

எடுக்க
பெட்டி: அடியில் கிடக்கும் ஒரு காருக்காக மொத்தத்தையும் தரையில் கொட்டுவார்கள்.
கூடை: பார்த்ததும் கை போகும். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

திருப்பி வைக்க
பெட்டி: அள்ளிப் போட்டால் முடிந்தது. இதில் பெட்டிதான் ஜெயிக்கிறது.
கூடை: எது எங்கே என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் எட்டுக் கூடை வைத்தோம். ஒரே வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. அப்புறம் நான்காகக் குறைத்தோம்: கார், கட்டைகள், சொப்புச் சாமான், 'மற்றவை'. படிக்கத் தெரியாத வயது என்பதால் பொம்மையையே படம் எடுத்துக் கூடையின் முன்பக்கம் ஒட்டினோம். 'மற்றவை' மட்டும் நிரம்பி வழிந்தால் பிரிவு சரியில்லை என்று அர்த்தம்.

பாதுகாப்பு
பெட்டி: கனமான மூடி விரலில் விழும், கழற்றிவிடுங்கள்.
கூடை: அலமாரியில் ஏறாத பிள்ளை உண்டா? அலமாரியைச் சுவரோடு திருகிவிடுங்கள்.

துணிப்பொம்மை, பந்து என்றால் பெட்டி போதும். சின்னச் சின்னத் துண்டுகள் அதிகமென்றால் கூடைதான்.